சுவரொட்டியின் மொழியில் துக்கம் விசாரிப்பது

இரங்கல் செய்தியில் சொற்கள் எவ்வளவு கனக்கின்றனவோ அவ்வளவுக்கு அதை எழுதியவரின் துயரமும் ஆழமானது என்ற எண்ணம் தமிழரிடையே வேரூன்றிவிட்டது. நண்பரின் தாயோ தந்தையோ மறைந்தால் ‘ஈடு செய்ய இயலாத பேரிழப்பு’, ‘ஆன்மா இறைவனடியில் இளைப்பாறட்டும்’ என்று அடுக்குவதே மரியாதை என்றும், எளிமையாக எழுதுவது அலட்சியம் என்றும் கருதப்படுகிறது. இந்த எண்ணம் தவறு. மரபின் பெயரால் இதற்கு நியாயம் கற்பிப்பது அதைவிடத் தவறு.

இச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறிய வடசென்னைக் கத்திவாக்கத்தின் தெருமுனைகளைப் பார்த்தாலே போதும். அங்கே சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் இறந்தவரின் படமும், ‘தோற்றம்’, ‘மறைவு’ என்ற தலைப்பில் இரண்டு தேதிகளும், அடியில் உறவினர் பெயர்களும் மாறுகின்றன. நடுவிலுள்ள வாசகம் பெரும்பாலும் மாறுவதில்லை. சுவரொட்டியின் வேலை ஊருக்கு அறிவிப்பது என்பதால் இதில் குற்றம் ஏதுமில்லை. ஊருக்கான அதே வாசகம், தந்தையை இழந்த, இருபது ஆண்டு பழகிய நண்பனின் கைப்பேசிக்கு வரும்போதுதான் பிழையாகிறது, ஏனெனில் அதை அனுப்பியவர் அந்த நண்பனின் அப்பாவை அறிந்திருந்தாரா என்பதைக்கூட அவன் அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

மரபு என்ன சொல்கிறது? தலைவனையோ நெருங்கியவரையோ இழந்தோர் செயலற்று வருந்துவதைப் பாடும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். பறம்பு மலையை ஆண்ட பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடல் ஐந்தே அடிகள் கொண்டது. அதில் கண்ணீர் என்ற சொல்லும் இல்லை, தந்தையின் கொடைக்குப் புகழ்ச்சியும் இல்லை. சென்ற மாத நிலவில் இருந்தவை இம்மாத நிலவில் இல்லை என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. பிற்காலத்துச் சரமகவிகள், அதாவது இறந்தவர் மேல் பாடி அச்சிட்டு வழங்கப்பட்ட இரங்கற்பாக்கள், அலங்காரத்தை நாடின என்பது உண்மைதான். ஆனால் அவையும் அவையில் படிக்கப் பிறந்தவையே அன்றி நண்பனுக்கு எழுதிய கடிதங்கள் அல்ல. வடசென்னையின் மரண கானாகூட, எவ்வளவு உரத்துப் பாடப்பட்டாலும், இறந்தவரின் பெயரையும் உற்றாரையும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் பாடுகிறது.

மரியாதைக்கும் நீண்ட சொற்றொடர் தேவையில்லை. அமங்கலமானதை மங்கலச் சொல்லால் குறிப்பதை இலக்கண நூலார் மங்கலம் என்பர். ‘இறந்தார்’ என்பதைத் ‘துஞ்சினார்’ என்பது அதற்குப் பழைய எடுத்துக்காட்டு. இன்றைய வழக்கில் ‘காலமானார்’ என்ற ஒரு சொல் அந்த வேலையை முழுமையாகச் செய்துவிடுகிறது. அதற்குமேல் அடுக்குவதெல்லாம் எழுதுபவரின் மனநிறைவுக்கே.

1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் காலமானார் என்றும், அவர் மகனுக்குப் பள்ளித் தோழன் எழுதுகிறான் என்றும் வைத்துக்கொண்டால், செய்தி இவ்வாறு அமையலாம்:

“அப்பா காலமான செய்தி காலையில் கிடைத்தது. மனசு கஷ்டமாக இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தும் தூங்கப் போகாமல் நம் இருவருக்கும் கணக்குச் சொல்லித் தருவார்; தப்பாகப் போட்டால் திட்டாமல் ரப்பரை எடுத்து நீட்டுவார். நாளைக் காலை வந்துவிடுகிறேன். இறப்புப் பதிவு, சான்றிதழ் வேலையை என்னிடம் விட்டுவிடு. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.”

இதில் புகழ்ச்சி இல்லை, ரப்பர் இருக்கிறது. அந்த ரப்பரை வேறு எந்த வீட்டுக்கும் அனுப்ப முடியாது. ‘எந்த உதவி வேண்டுமானாலும் கேள்’ என்பது தாராளமாகத் தோன்றினாலும், என்ன கேட்பது என்று யோசிக்கும் சுமையைத் துக்க வீட்டின் தலையிலேயே ஏற்றுகிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், குடும்ப ஓய்வூதியத்துக்கும் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்பதால், ஒரு குறிப்பிட்ட வேலையைப் பெயர் சொல்லி ஏற்பதே உதவி. ஆன்மாவைப் பற்றி ஏதும் சொல்லாததும் தற்செயலன்று. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் பகுத்தறிவாளர் வீடும் கலந்த ஊரில் மறுமை பற்றிய முடிவை அந்த வீட்டாருக்கே விடுவதுதான் முறை. ‘வயதாகிவிட்டது, நல்ல சாவு’ என்பதையும் வீட்டார் சொல்லலாம், வந்தவர் சொல்லக் கூடாது.

இறந்தவரை நேரில் அறியாதவர் நினைவுகளைப் புனைய வேண்டியதில்லை. ‘அம்மாவை நான் பார்த்ததில்லை, நீ கேன்டீனில் பிரிக்கும் டிபன் பாக்ஸில் இருந்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்குதான் எனக்குத் தெரிந்த அம்மா’ என்று எழுதினால் அது உண்மையாகவும் இருக்கும். தந்தையோடு பல ஆண்டுகள் பேச்சுவார்த்தையற்றிருந்த மகனுக்கோ நினைவுகூரும் ஒரு வரியும் அதிகம்; ‘செய்தி தெரிந்தது, சாயங்காலம் வருகிறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.