கண் ஒப்பரேசன் துண்டின் கடைசி வரி

எங்கள் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்கு அண்மையில் வலது கண்ணில் வெண்புரை அகற்றினார்கள். மறுநாளே வீடு வந்துவிட்டார். கையில் இரண்டு சிறு போத்தல் துளி மருந்து, துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் கண்மூடி, ஒரு கடதாசித் துண்டு. துண்டு முழுக்கச் சிங்களம். போத்தலில் பேனையால் எழுதியிருந்த '4' மட்டும்தான் வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிந்தது. நாலு துளியா, நாலு தடவையா, நாலு நாளா என்று கேட்க அந்த நேரத்தில் ஆள் இல்லை.

பத்தாம் நாள் கண் பளிச்சென்று தெரிந்ததும் அந்த அம்மா மருந்தை நிறுத்திவிட்டார். பன்னிரண்டாம் நாள் பெரட்டுக்குப் போய்க் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார். அவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். வேலைக்கு வராத நாளுக்குப் பேர் விழாது. தெளிவாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்கு மருந்து என்று யாருக்கும் தோன்றும்.

உண்மையில் அந்த இரண்டு போத்தலுக்கும் வேலை வேறு வேறு. ஒன்று கிருமி புகாமல் காப்பது. அதை ஒன்றிரண்டு வாரத்தில் நிறுத்தச் சொல்வார்கள். மற்றது ஸ்டீரொய்ட் துளி. பழைய வில்லையை எடுத்துப் புதிய வில்லை வைத்த இடத்தில் உள்ளுக்குள் ஏற்படும் அழற்சியை அது அடக்குகிறது. அந்த அழற்சி வெளியில் தெரியாது. பார்வை தெளிந்த பிறகும் இருக்கும். அதனால் இதை நான்கு முதல் ஆறு வாரம் வரை, படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். முதல் வாரம் நாளுக்கு நாலு தடவை, அடுத்த வாரம் மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்பது வழக்கமாகக் கொடுக்கும் கணக்குகளில் ஒன்று. அவரவர் துண்டில் எழுதியிருப்பதே அவரவர் கணக்கு. பக்கத்து லயத்து அக்காவின் கணக்கைப் பார்த்துப் போடக்கூடாது. இதைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி திரும்ப எழும்பும்.

அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். பதினான்காம் நாள், சனிக்கிழமை மாலை, கண் சிவந்தது. உள்ளுக்குள் ஒரு வலி. அடுப்பு வெளிச்சத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. கிளினிக் செவ்வாய்க்கிழமைதானே, அதுவரை பொறுக்கலாம் என்றார்கள் வீட்டில். தாய்ப்பால் விட்டால் குளிரும் என்று ஒருவர் சொன்னார். ஞாயிறு காலை விஷயம் எங்களுக்குத் தெரிந்து, ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அழற்சிதான், கிருமி இல்லை என்றார் வைத்தியர். துளியைத் திரும்ப ஆரம்பித்துக் கண்ணைக் காப்பாற்றினார்.

கிருமியாக இருந்திருந்தால் அந்த ஓர் இரவிலேயே பார்வை போயிருக்கலாம். கண்ணுக்குள் கிருமி புகுவது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் முதல் சில நாட்களில், அல்லது முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு. அழற்சியா கிருமியா என்று வீட்டிலிருந்து பிரித்தறிய ஆசிரியராலும் முடியாது, தோட்ட டிஸ்பென்சரியாலும் முடியாது. கண் வைத்தியர் கருவி வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் துண்டைப் பிறகு நாங்கள் தமிழில் எழுதிப் பார்த்தோம். இந்த அறிகுறிகள் அதில் கடைசி வரியில், ஆகச் சிறிய எழுத்தில் இருந்தன. எங்களைக் கேட்டால் முதல் வரியில் பெரிய எழுத்தில் வர வேண்டியது அதுதான். லேசான உறுத்தலும் கொஞ்சம் கண்ணீரும் முதல் சில நாள் சகஜம். நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் வலி கூடினால், சிவப்பு கூடினால், பீளை கட்டினால், தெரிந்த பார்வை மங்கினால், அன்றே போக வேண்டும். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலிருந்தாலும், கரும்புள்ளிகள் திடீரென்று கூட்டமாக மிதந்தாலும், ஒரு பக்கம் திரை விழுந்தது போல இருண்டாலும் அப்படியே. அது கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரை கழன்று வருவதன் அடையாளம். வலியே இருக்காது என்பதால் ஏமாந்துவிடுவோம். கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், 'இன்ன திகதி கண் ஒப்பரேசன் செய்தது' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். துண்டையும் போத்தல்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

துளி விடுவதிலும் ஒரு தவறு நடந்திருந்தது. அந்த அம்மா இரண்டு மருந்தையும் ஒரே மூச்சில் விட்டிருக்கிறார். இரண்டாவது துளி முதல் துளியைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மல்லாந்து படுத்து, கீழ் இமையை இழுத்து ஒரு துளி விட்டால் போதும். போத்தல் நுனி கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. பால் போல் இருக்கிற மருந்தென்றால் முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும்.

நாலு தடவை என்பதை எங்கள் நாளுக்குள் வைத்துப் பார்த்தோம். விடிய ஆறு மணிக்கு, பகல் கொழுந்து நிறுக்கும் நேரம், பின்னேரம் வீடு வந்ததும், இரவு படுக்குமுன். பகல் வேளைதான் இடிக்கிறது. மலையில் கொழுந்துக் கறையும் மருந்தடித்த செடியின் விஷமும் ஒட்டிய கையோடு, சவர்க்காரமும் தண்ணீரும் இல்லாமல் யார் கண்ணைத் தொடுவது? கூடை சுமப்பதும் குனிந்து எழும்புவதும் ஆரம்ப வாரங்களில் வேண்டாம் என்றுதான் வைத்தியர்கள் சொல்கிறார்கள். துண்டைத் தயாரித்தவர்களின் மனதில் மலையேறும் ஆள் இல்லை. வீட்டில் இருக்கும் ஆள்தான் இருந்திருக்கிறார்.

கண்மூடியும் அப்படித்தான். தூக்கத்தில் நம் கை நம்மை அறியாமல் கண்ணைக் கசக்கும். அதைத் தடுக்கத்தான் இரவில் அது. ஒரு காம்பராவில் ஆறு பேர் நெருங்கிப் படுக்கும் வீட்டில் பேரப்பிள்ளையின் முழங்கையும் ஒரு காரணம். குறைந்தது ஒரு வாரம், வைத்தியர் சொன்னால் அதற்கு மேலும், நெற்றியிலிருந்து கன்னத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டிக் கட்ட வேண்டும். மூடியைத் தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். பஞ்சை உள்ளே வைத்து அழுத்திக் கட்டக்கூடாது. பீலியில் தலைக்குக் குளிப்பதும் விறகுப் புகையில் குனிந்து ஊதுவதும் அந்த நாட்களில் வேறு ஆள் பார்க்கட்டும்.

இதில் எங்கள் நிலைப்பாடு இதுதான். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் எழுதியது. மருந்துத் துண்டு தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல. அது வரும்வரை எங்கள் பாடசாலையில் கையால் எழுதிக் கொடுக்கிறோம். சூரியன், நிலா படம் போட்டு, எழுத்துத் தெரியாதவரும் பார்க்கும்படி. நிர்வாகத்திடம் கேட்பது இரண்டு. வைத்தியர் கடிதம் கொடுத்த காலத்துக்குச் சம்பளத்தோடு லீவு அல்லது கூடை தூக்காத இலேசான வேலை வேண்டும். தோட்ட வாகனம் பிரசவத்துக்கும் வெட்டுக்காயத்துக்கும் வருவது போல, ஒப்பரேசன் செய்த கண் இரவில் சிவந்தாலும் வர வேண்டும். 'கண்தானே, காலையில் பார்க்கலாம்' என்ற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். வாகனம் மறுத்தால் 1990 சுவசெரியவை அழையுங்கள், பணம் இல்லை. ரோட்டு மோசமென்றால் வாகனம் வரக்கூடிய சந்தி வரைக்கும் ஆளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். கமிட்டித் தலைவருக்கும் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு இடது கண்ணுக்கும் திகதி கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை துண்டு தமிழில், லயன் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. கடைசி வரியை மேலே கொண்டுவந்து சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறோம்.