தட்டுக் கணக்கு

கடந்த மாதம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் அம்மாவின் 60வது பிறந்தநாள் விருந்து வைத்தோம். இரவு எட்டே முக்கால் மணிக்குத் தாய்மாமா கையில் தட்டோடு என்னிடம் வந்தார். "ஏம்மா, பெரட்டல் இன்னும் வருமா?" என்று மெதுவாகக் கேட்டார். போய்ப் பார்த்தால் மட்டன் பாத்திரத்தின் அடியில் மசாலா மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மட்டன் இல்லை என்றதும் எல்லோரும் கோழியைக் கூடுதலாக எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் அதுவும் காலி. தம்பி காரில் ஓடிப்போய் 310 வெள்ளிக்குப் பொரித்த கோழி வாங்கி வந்தான். எல்லோரையும் கவனித்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்த அம்மா, சோறும் பருப்பும் அப்பளமும் சாப்பிட்டார்.

அன்று இரவு ஒரு மணிக்குக் கேட்டரிங்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'அவமானம்' என்ற சொல் அதில் நான்கு முறை வந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை. காலையில் படித்துப் பார்த்தால், முழுக் கடிதத்திலும் ஓர் எண்கூட இல்லை. அதைப் படிப்பவர் "மன்னிச்சிடுங்க, ஆள் கூட வந்துட்டாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். 'ஆள் கூட வரவில்லை' என்று நான் எதை வைத்துச் சொல்வேன்?

அழைப்பிதழ் கணக்கு உதவாது. அழைத்தது எத்தனை பேர் என்றுதான் அது சொல்லும். மொய் நோட்டும் உதவாது, ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர்தான் இருக்கும். அப்போது தம்பிதான் தட்டை நினைவுபடுத்தினான். தட்டுகளைக் கொண்டுவந்தவர் கேட்டரிங்காரர். கட்டுக்கு 50 வீதம் ஐந்து கட்டு, அதாவது 250 தட்டு. விருந்து முடிந்தபோது பிரிக்காத கட்டு ஒன்றும், பிரித்த கட்டில் 18 தட்டும் மிச்சம். ஆக, பயன்பட்டவை 182. ஒரு சிலர் இரண்டு தட்டு எடுத்திருந்தால், சாப்பிட்டவர்கள் அதைவிடக் குறைவு. எப்படிப் பார்த்தாலும் 182-ஐத் தாண்டாது. நாங்கள் பணம் கட்டியதோ 200 பேருக்கு.

அடுத்து, மட்டன் எப்போது தீர்ந்தது? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 8.47க்கு நானே புலம்பி ஒரு படம் போட்டிருந்தேன். காலிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தட்டு அடுக்கும் படத்தில் விழுந்திருந்தது. மூன்றாவது கட்டு பாதியில் இருந்தது. அப்படியானால் ஏறக்குறைய 125 தட்டோடு மட்டன் முடிந்திருக்கிறது. அந்தப் படமும், அவர் தந்த கொட்டேஷனும், கோழி வாங்கிய ரசீதும் கையில் வந்த பிறகு புதுக் கடிதம் எழுதினேன். அது இதுதான்:

"ஐயா, வணக்கம். சென்ற சனிக்கிழமை எங்கள் விருந்துக்கு நீங்கள் உணவு வழங்கினீர்கள். உங்கள் கொட்டேஷன்படி 200 பேருக்கு, ஆளுக்கு 30 வெள்ளி வீதம் 6,000 வெள்ளி முழுவதும் செலுத்திவிட்டோம். அதில் மட்டன் பெரட்டல் ஆளுக்கு 100 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டன் இல்லாத மெனுவுக்கு ஆளுக்கு 22 வெள்ளி என்றும் அதே தாளில் இருக்கிறது.

நீங்கள் கொண்டுவந்த 250 தட்டில் 182 மட்டுமே பயன்பட்டன. இரவு 8.47க்கு, சுமார் 125 தட்டு போன நிலையில், மட்டன் தீர்ந்துவிட்டது. படம் இணைத்துள்ளேன். மட்டனை விருந்தினர் தாங்களாக எடுக்கவில்லை, உங்கள் பணியாளரே கரண்டியால் பரிமாறினார். எனவே 57 பேருக்கு மட்டன் கிடைக்கவில்லை.

மட்டனுக்காக நாங்கள் கூடுதலாகக் கொடுத்த 8 வெள்ளியை அந்த 57 பேருக்குக் கணக்கிட்டால் 456 வெள்ளி. வெளியில் வாங்கிய கோழிக்கு 310 வெள்ளி. மொத்தம் 766 வெள்ளியை 14 நாளுக்குள் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் பிழை இருந்தால், நீங்கள் சமைத்த அளவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். சோறும் சைவ வகைகளும் நன்றாக இருந்தன, அவற்றில் குறை எதுவும் இல்லை."

கடைசி வரியைப் பார்த்து, "அதை எதுக்குக்கா எழுதின?" என்றான் தம்பி. அது உண்மை, அதனால் எழுதினேன். கிடைத்ததைக் கிடைத்தது என்று ஒப்புக்கொண்டால்தான், கிடைக்காததைச் சொல்லும்போது நம்புவார்கள். அம்மாவின் தட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் அவரே போன் செய்தார். "தங்கச்சி, நான் ஏமாத்தலம்மா. 200 பேருக்கு 100 கிராம்னா 20 கிலோ. 20 கிலோ வாங்கினதுக்குப் பில் இருக்கு" என்றார். குரலில் பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்திலேயே விடை இருந்தது. அது பச்சை இறைச்சியின் எடை. பெரட்டல் என்றால் தண்ணீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். ஒரு கிலோ ஆட்டிறைச்சி அப்படி வற்றினால் 600, 650 கிராம்தான் தேறும். 20 கிலோ ஏறக்குறைய 12.5 கிலோ ஆகிவிடும். ஆளுக்கு 100 கிராம் வைத்தால் 125 பேருக்கு வரும். தட்டு அடுக்கு சொன்னதும் அதே 125.

"அண்ணே, தட்டுல விழுற 100 கிராம்னுதானே படிக்கிறவங்க நினைப்பாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, "நாங்க எப்பவும் பச்சை எடைதான் போடுவோம்மா. ஆனா தாள்ல எழுதலை, அது என் தப்பு" என்றார். 456 வெள்ளியைத் தர ஒப்புக்கொண்டார். கோழிக்கு மட்டும் மறுத்தார். ஆளுக்கு இரண்டு துண்டு வீதம் 400 துண்டு கொடுத்தேன் என்றார். அதை இல்லை என்று சொல்ல என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை. துண்டை யாரும் எண்ணவில்லை. விட்டுவிட்டேன்.

அவர் மறுத்திருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருந்தது. மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே போனாலும் இதே கடிதத்தையும் படத்தையும்தான் நீட்டியிருப்பேன். ஆனால் முதல் கடிதத்திலேயே அதன் பெயரைச் சொல்லி மிரட்ட மனமில்லை.

அடுத்த விருந்துக்குக் கொட்டேஷன் வாங்கும்போது இரண்டு சொல் கூடுதலாக எழுதச் சொல்வேன்: "சமைத்த எடை". அப்படி எழுதினால் விலை ஏறும். 20 கிலோ சமைத்த பெரட்டலுக்கு 30 கிலோவுக்கு மேல் இறைச்சி வாங்க வேண்டும். எனக்குச் சம்மதம். எலும்போடா, எலும்பில்லாமலா என்றும் கேட்டுக்கொள்வேன். தட்டை யார் கொண்டுவந்தாலும், விருந்து தொடங்குமுன் எண்ணி வைப்பேன்.

பணம் வந்த அன்று அம்மாவிடம் சொன்னேன். "பாவம், அவருக்கும் நஷ்டம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பணத்தில் மூன்று கிலோ ஆட்டிறைச்சி வாங்கி, அம்மாவே பெரட்டல் செய்தார். தாய்மாமாவுக்கு முதல் தட்டு. இரண்டாவது தட்டை நான் போட்டு, அம்மாவை உட்கார வைத்தேன்.