சாயம் போகுமா? ‘இயற்கை’ என்ற லேபிள் மட்டும் போதாது!

‘நேச்சுரல் டை’ என்று எழுதிய குர்தாவை மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறார் ஒருவர். நாலு வாஷில் நிறம் மங்கிவிடுகிறது. “இயற்கைச் சாயம்னா அப்படித்தான்” என்கிறார் கடைக்காரர். இந்தப் பதில் பாதிதான் சரி.

சாயத்துக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1 முதல் 8 வரை மதிப்பெண். சலவையைத் தாங்க 1 முதல் 5 வரை. ஒன்றில் பாஸ் ஆன சாயம் மற்றதில் ஃபெயில் ஆகலாம்.

மஞ்சிட்டி வேரின் சிவப்பையே எடுத்துக்கொள்வோம். வெறும் வேரை வேகவைத்து பருத்தியை முக்கினால் நிறம் சரியாக ஒட்டாது. அதனால்தான் காளஹஸ்தி கலம்காரியில் துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் பருத்தியில் ஒட்டிக்கொள்ளும்; அது படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும்; படிகாரம் மஞ்சிட்டியின் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். அரை கிலோ துணிக்குச் சுமார் 100 கிராம் கடுக்காய்த் தூள், 75 கிராம் படிகாரம் பிடிக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை விட்டால், நிறம் சலவைத் தண்ணீரோடு போய்விடும். முறையாகச் செய்த மஞ்சிட்டிச் சிவப்பு வெயிலையும் சலவையையும் நன்றாகவே தாங்கும். மஞ்சள் கிழங்கின் நிறமோ, என்ன செய்தாலும் சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும். இரண்டுமே ‘இயற்கை’தான்!

செயற்கைச் சாயத்திலும் இதே கதைதான். மஞ்சிட்டியின் இனத்துச் செடியான ஐரோப்பிய மேடர் வேரில் நிறம் தரும் அலிசரினை 1868-லேயே ஜெர்மனியில் கிரேப, லீபர்மான் என்ற இருவர் ஆய்வகத்தில் தயாரித்துவிட்டார்கள். வேரில் இருந்தாலும் பாட்டிலில் இருந்தாலும் மூலக்கூறு ஒன்றே. அதே காலத்தில் வந்த மெஜந்தா போன்ற செயற்கைச் சாயங்கள் வெயிலில் சீக்கிரம் மங்கின. இன்று பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கிறது. சலவையில் மஞ்சிட்டியைவிட அது ஒரு படி மேல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை ஆலையில் சரியாக அலசாவிட்டால், அதுவும் பக்கத்துச் சட்டையைக் கறையாக்கும்.

இயற்கைச் சாயத் துணிக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். காரமான சோப்புத்தூளில் மஞ்சிட்டிச் சிவப்பு ஊதாப் பக்கம் திரும்பும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பில் எலுமிச்சைச் சாறு பட்டால் அந்த இடம் வெளுக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஈரமான வெள்ளைத் துணியால் தையல் ஓரத்தைத் தேய்த்தால், கறை படிகிறதா என்று தெரிந்துவிடும். ஓரத் துண்டில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, இரண்டு வாரம் ஜன்னல் வெயிலில் வைத்துப் பார்த்தால் மீதிக் கதையும் தெரியும்.

ஆனால் இதெல்லாம் வாங்கிய பிறகு செய்யும் வேலை. ‘நேச்சுரல்’ என்று சொல்லி அதிக விலை கேட்பவர், எந்தச் சாயம், எதை வைத்து ஒட்டவைத்தது, இரண்டு தேர்விலும் என்ன மதிப்பெண் என்பதையும் லேபிளில் போட வேண்டும். அதுதான் நியாயம்.