வீடு பார்க்கப் புறப்படும் முன்: வரைபடம் மறுப்பதும் வரைபடம் உறுதிசெய்யாததும்

வெளிமாநிலத்தில் ஆய்வுக்குச் சேரும் மாணவர்கள் வாடகை விளம்பரம் ஒன்றைக் கண்டதும் செய்யும் முதல் வேலை, முகவரியைக் கூகுள் வரைபடத்தில் இட்டுத் தெருக்காட்சியைத் திறந்து பார்ப்பது. திரையில் ஒரு தெரு தெரிகிறது, அதில் சில வீடுகள் தெரிகின்றன. 'இடம் இருக்கிறது' என்று மனம் நிறைவடைகிறது. அடுத்த அரை மணியில் பயணச்சீட்டு பதிவாகிவிடுகிறது. சில வேளைகளில் டோக்கன் பணமும் போய்விடுகிறது. இங்கே பிழை கருவியில் இல்லை. அதைப் பயன்படுத்தும் திசையில் இருக்கிறது. வரைபடமும் தெருப்படமும் ஒரு விளம்பரத்தைப் பொய்யென்று காட்ட வல்லவை. மெய்யென்று காட்ட அவற்றால் இயலாது. ஆய்வுலகில் இருப்போருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ஆயினும் வீடு தேடும்போது அதுதான் முதலில் மறந்துபோகிறது.

திருநெல்வேலியைச் சேர்ந்த ஒரு மாணவியின் நிலையை எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துக்கு அருகே வீடு வேண்டும். மத்திகெரேயில் ஓரறை வீடு, இரண்டாம் மாடி, வளாகத்துக்குப் பத்து நிமிட நடை என்கிறது விளம்பரம். முகவரி '27, 5வது கிராஸ், 3வது மெயின், பெங்களூர்' என்று மட்டும் இருக்கிறது. உடன் ஐந்து புகைப்படங்களும் வரைபடப் புள்ளி ஒன்றும் அனுப்பப்பட்டுள்ளன. நேரில் பார்க்க வேண்டுமானால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் இரவுப் பயணம். வந்து பார்ப்பதற்குள் வேறொருவர் எடுத்துவிடுவார், ஆகவே டோக்கன் அனுப்புக என்று விளம்பரதாரர் அவசரப்படுத்துகிறார்.

முதலில் படிக்க வேண்டியது முகவரியைத்தான். படத்தைப் பிறகு பார்க்கலாம். பெங்களூரின் பல பகுதிகளில் தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான் உண்டு. ஒரு திசையில் செல்பவை மெயின்; அவற்றைக் குறுக்கே வெட்டுபவை கிராஸ். ஒவ்வொரு லேஅவுட்டிலும், ஒவ்வொரு ஸ்டேஜிலும் இந்த எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். எனவே 5வது கிராஸும் 3வது மெயினும் சந்திக்கும் முனைகள் நகரில் பல உண்டு. லேஅவுட்டின் பெயரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் இல்லாத முகவரி ஒரு முகவரியே அன்று. மாணவி அவற்றைக் கேட்டதும் 560012 என்ற எண் வருகிறது. அது அறிவியல் கழக அஞ்சலகத்துக்கு உரியது. மத்திகெரேக்கு உரியது 560054. இது கைத்தவறாகவும் இருக்கலாம். இதை மட்டும் வைத்து எவரையும் மோசடிக்காரர் என்று முடிவு செய்வது முறையாகாது. ஐயத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது புள்ளி. வரைபடத்தில் விழும் சிவப்புக் குறி வீட்டின் வாசலில் நிற்பதாகவே எவரும் கருதுவர். வீட்டு எண் தரவில் இல்லாதபோது தேடுபொறி அந்தத் தெருவின் நடுவிலோ, அப்பகுதியின் மையத்திலோ குறியை இட்டுவிடும். அது தோராயம் என்று பெரும்பாலும் தெளிவாகச் சொல்லாது. இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. 27 என்பதற்குப் பதில் 72 என்றோ 270 என்றோ இட்டுத் தேட வேண்டும். குறி அசையாமல் அதே இடத்தில் நின்றால், முதலில் கண்டது வீடு அன்று, தெருவின் பொது அடையாளம் மட்டுமே. விளம்பரதாரர் தாமே அனுப்பிய புள்ளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பத்து எழுத்துகள் கொண்ட பிளஸ் கோடு ஏறத்தாழ 14 மீட்டர் பக்கமுள்ள கட்டத்தைக் குறிக்கிறது. அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின் ஏறத்தாழ 4 மீட்டர் கட்டத்தைக் குறிக்கிறது. இரண்டும் பூமியின் மேற்பரப்பில் ஓர் இடத்தைத் துல்லியமாகச் சொல்கின்றன. அங்கே வீடு இருக்கிறதா, அது யாருடையது என்பதை இரண்டும் சொல்வதில்லை.

தூரக் கணக்கும் இங்கேயே சரிபார்க்கத் தக்கது. 'வளாகத்துக்குப் பத்து நிமிடம்' என்பது எந்த வாயிலுக்கு என்று விளம்பரம் சொல்லாது. வரைபடத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பாதை பெரிய வளாகத்தின் ஏதோ ஒரு புள்ளியில் முடியும். மதிலைச் சுற்றிச் செல்லும் நடை அதில் விடுபட்டிருக்கலாம். நாள்தோறும் பயன்படுத்தப்போகும் வாயிலையே முடிவிடமாகக் குறித்து, நடைவழி என்பதைத் தேர்ந்து அளக்க வேண்டும். நேர்கோட்டில் அருகில் தெரியும் வீடு, இடையில் ரயில் பாதை வந்தால் சுற்றுவழியில் தொலைவாகிவிடும்.

இதன் பிறகே தெருப்படம். 2011இல் கூகுள் பெங்களூரில்தான் தெருக்காட்சிப் பதிவைத் தொடங்கியது. காவல்துறையின் ஆட்சேபத்தால் சில வாரங்களில் அது நின்றது. 2021 பிப்ரவரியில் புவிசார் தரவு விதிகள் தளர்ந்த பின், இந்திய நிறுவனங்கள் எடுத்த படங்களைக் கொண்டு 2022 ஜூலையில் பெங்களூர் உள்ளிட்ட பத்து நகரங்களில் மீண்டும் வந்தது. ஆகவே பத்துப் பதினைந்து ஆண்டுகளின் படங்களை ஒப்பிடும் வசதி இங்கே பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கும் படத்தின் மூலையில் அது எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் இருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும். வரைபடத்தில் நீலக் கோடுகளாகத் தெரிபவை வண்டியில் தொடர்ச்சியாக எடுத்த படங்கள். தனித்தனி நீலப் புள்ளிகள் பயனர்கள் பதிவேற்றியவை. பின்னவற்றின் இடக்குறிப்பு பிழையாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ஒப்பிடும்போது எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். சுவரின் நிறம், கடைப் பலகை, வாசலில் நிற்கும் வண்டி ஆகியவை மாறக்கூடியவை. அவை ஒத்திருந்தாலும் பயனில்லை, மாறியிருந்தாலும் பொருளில்லை. எளிதில் மாறாதவற்றைத் தேட வேண்டும்: மின்மாற்றி, பெரிய மரம், தெருவின் வளைவு, எதிர்வீட்டின் மாடிப்படி, அண்டை வீட்டுக்கும் இதற்கும் உள்ள உயர வேறுபாடு. 2022இல் ஒற்றை மாடியாக இருந்த மனையில் இன்று நான்கு மாடி எழுந்திருப்பது பெங்களூரில் இயல்பு. அத்தகைய முரண்பாடு தெரிந்தால் அண்மைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அது கூரையின் பரப்பையும் நிழலின் நீளத்தையும் காட்டும்.

ஆனால் விளம்பரப் படங்களில் மிக வலுவான சான்று வீட்டின் முகப்பில் இருப்பதில்லை. சன்னல் வழியே தெரியும் வெளிக்காட்சியில் இருக்கிறது. வீட்டின் உட்புறத்தை எந்த ஊரிலிருந்தும் எடுத்து ஒட்டலாம். சன்னலுக்கு வெளியே தெரிவது ஓர் இடத்துக்கு மட்டுமே உரியது. மோசடி செய்வோர் அதைக் கவனிப்பதும் குறைவு. மாணவி பெற்ற நான்காவது படத்தில் பால்கனிக்கு மிக அருகில் மெட்ரோ மேம்பாலத்தின் தூண்கள் தெரிகின்றன. அப்பகுதியில் மெட்ரோ மேம்பாலம் செல்வது யஷ்வந்த்பூர் வழியாக, துமகூரு சாலையின் மேல். மத்திகெரேயின் உட்தெரு ஒன்றிலிருந்து அது ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். இடையே ரயில் பாதையும் உண்டு. புள்ளி நிற்கும் தெருவின் பால்கனியிலிருந்து அந்தத் தூண்களை அத்தனை அருகில் காணவே முடியாது. புள்ளி பொய், அல்லது படம் பொய். இரண்டும் ஒருசேர மெய்யாக இருக்க வழியில்லை. கேட்டபோது, 'அது என் இன்னொரு வீட்டின் படம், தவறி வந்துவிட்டது' என்று பதில் வருகிறது. சரியான படம் மட்டும் வரவில்லை. பயணம் தேவையற்றது என்று முடிவு செய்ய இதுவே போதும். கருவி தன் வேலையைச் செய்துவிட்டது: அது ஒரு கூற்றை மறுத்துவிட்டது.

இப்போது மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். அநீதி நிகழ்வது அங்கேதான். அதே மாணவிக்கு இன்னொரு வீடு வருகிறது. வாடகை குறைவு, சந்துக்குள் இருக்கிறது. நீலக் கோடு சந்தின் வாயிலோடு நின்றுவிடுகிறது. புள்ளி நான்கு வீடு தள்ளி விழுகிறது. வீட்டுக்காரர் மூதாட்டி, முகவரியை 'கோயிலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி எதிரில்' என்றே சொல்கிறார். முதல் விளம்பரத்தில் கண்ட ஐயக்குறிகள் பலவும் இங்கும் உள்ளன. ஆனால் இவற்றில் ஒன்றும் மறுப்பு அன்று. கேமரா பொருத்திய கார் நுழைய முடியாத அகலம் என்பதே படமின்மைக்குக் காரணம். பழைய கிராமங்களை நகரம் விழுங்கிய பகுதிகளில், மனைகளைப் பிரித்து 27/1, 27/2 என எண்ணிட்ட தெருக்களில், இத்தகைய வெற்றிடம் இயல்பானது. மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீடுகள் பலவும் இத்தகைய சந்துகளில்தான் உள்ளன. படம் இருக்கும் தெருவையே நம்புவது என்ற விதியைக் கடைப்பிடிப்போர், அகலமான தெருவின் வாடகையைத் தம்மையறியாமல் தேர்ந்துகொள்கின்றனர். நேர்மையான சந்துவீட்டுக்காரரை ஐயத்துக்குரியவராக ஆக்கிவிடுகின்றனர். முரண்பாடு வேறு, தகவலின்மை வேறு. முன்னது பயணத்தை நிறுத்தக் காரணம். பின்னது வேறு வழியில் கேட்கக் காரணம்.

அந்த வேறு வழி எளியது. காணொளி அழைப்பில் வீட்டுக்காரரையோ அவர் பேரனையோ, வரைபடத்தில் ஐயமின்றித் தெரியும் இடம் ஒன்றிலிருந்து, இங்கே அந்தக் கோயில் முனையிலிருந்து, அழைப்பைத் துண்டிக்காமல் வீட்டுக் கதவு வரை நடக்கச் சொல்ல வேண்டும். தொடக்கப் புள்ளியைத் தெருப்படத்தோடு ஒப்பிடலாம். அதன்பின் வெட்டில்லாத நடையே சான்று. மூதாட்டியின் பேரன் மூன்று நிமிடத்தில் நடந்து காட்டிவிடுகிறான். முன்பே எடுத்த காணொளியை அனுப்புவது இதற்கு ஈடாகாது. முதல் விளம்பரதாரரிடம் இதையே கேட்டபோது கிடைத்த விடை, தாம் இராணுவத்தில் பணியாற்றுவதாகவும், மாற்றலாகி வெளியூரில் இருப்பதாகவும், நுழைவு அனுமதிக்கு முதலில் பணம் கட்ட வேண்டும் என்பதாகவும் இருந்தது. நாடெங்கும் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் பல்லவி அது.

இத்தனைக்கும் பிறகு வரைபடம் தொட முடியாத ஒரு கேள்வி எஞ்சுகிறது: வீடு உண்மை; வாடகைக்கு விடுபவருக்கு அந்த உரிமை உண்டா? வெளியேறவிருக்கும் குடித்தனக்காரர் தம்மை உரிமையாளர் என்று சொல்லி முன்பணம் பெற்றுச் செல்வதும் உண்டு. அங்கே தெரு, கதவு, சன்னல் எல்லாம் மெய்யாகவே இருக்கும். மின்கட்டண ரசீதிலோ சொத்துவரி ரசீதிலோ உள்ள பெயரையும் பணம் கேட்கும் வங்கிக் கணக்கின் பெயரையும் ஒப்பிடுவதும், அண்டை வீட்டாரிடம் கேட்பதும் நேரில் சென்ற பின் செய்ய வேண்டியவை. எனவே பயணத்துக்கு முன் எந்தத் தொகையும் அனுப்பாதிருப்பதே முறை. அனுப்பியபின் ஏமாற்றம் தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்; பணம் வேறு கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க இயலுமா என்பது அந்த முதல் சில மணி நேரத்தைப் பொறுத்தது.

மாணவி இறுதியில் பயணம் செய்வது சந்து வீட்டைப் பார்க்க. அது பிடிக்காமலும் போகலாம். தண்ணீர் வரும் நேரம், இரவில் தெருவிளக்கு, மாடியின் வெப்பம் ஆகியவை எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் அவர் போய்ப் பார்ப்பது இருக்கும் ஒரு வீட்டை.