பதிவேட்டில் இருக்கும் காசு, கைக்கு வரும் காசா?



கண்டாவளையில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் செய்து விற்கும் பெண்கள் குழுவொன்று, கொப்பியை விட்டுவிட்டு ஸோகோ சி.ஆர்.எம். என்ற வாடிக்கையாளர் பதிவேட்டைக் கணினியில் வைத்திருக்கின்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனமொன்றின் மென்பொருள் அது. மூன்று பேர் வரை காசின்றிப் பாவிக்கலாம். அவர்களோடு இருந்து பார்த்ததை இம்மாதம் எழுதுகின்றேன்.

முதற்சிக்கல் ஒருவரே இரண்டு பேராவது. வவுனியாக் கடைக்காரர் ஒருவரின் இலக்கத்தை ஒரு பிள்ளை 077 என்றும், இன்னொரு பிள்ளை +9477 என்றும் பதிந்திருந்தார்கள். மாதிரிப் பொதி அனுப்பிய குறிப்பு ஒன்றில் கிடந்தது. அழைக்க வேண்டிய திகதி மற்றதில் கிடந்தது. அழைப்பு விட்டுப்போயிற்று. இப்போது எல்லா இலக்கத்தையும் முதல் 0 இல்லாமல், +94 போட்டே எழுதுகிறார்கள். புதிதாகப் பதியுமுன் இலக்கத்தால் தேடிப் பார்க்கிறார்கள். இரட்டையாய் இருந்தால் ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள்.

"பிறகு கதைப்பம்" என்று எழுதுவது குறிப்பே அல்ல. "வியாழன் காலை, பொதி கிடைத்ததா என்று கேட்க வேண்டும்" என்று, யார் கேட்பது என்பதோடு Tasks பகுதியில் போட்டால்தான் அது நினைவூட்டும். முடியாத ஓடர் ஒன்றில் அடுத்த வேலை எதுவும் இல்லையென்றால், அது மறந்துபோன ஓடர். திங்கட்கிழமைகளில் அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

இனி வருமானக் கணக்கு. ஓடரின் தொகையை, அது கைகூடும் வாய்ப்பால் பெருக்கி மென்பொருள் மதிப்பிடும். ஒரு உதாரணம் பார்ப்போம். விலை சொல்லிய கடை 80,000 ரூபா, 75 வீதம்: 60,000. விசாரித்து மட்டும் போன சிற்றுண்டிச்சாலை 40,000 ரூபா, 10 வீதம்: 4,000. கலியாண வீடொன்று 60,000 ரூபா, 90 வீதம்: 54,000. மொத்தம் 118,000 ரூபா. ஆனால் அந்தக் கலியாணம் மூன்று மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது! Closing Date கடந்தும் யாரும் Closed Lost என்று மாற்றவில்லை. மாற்றியதும் மிஞ்சுவது 64,000 ரூபா. முந்திய தொகையை நம்பிக் கடனுக்குச் செத்தல் மிளகாய் வாங்கியிருந்தால், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த மூட்டைதான் மிஞ்சியிருக்கும்.

அந்த 75 வீதமும் மென்பொருளோடு வருவதே தவிர, எங்கள் சந்தையை அறிந்ததல்ல. விலை சொன்ன 20 பேரில் 9 பேர்தான் வாங்கினார்கள் என்றால் Probability கட்டத்தில் 45 என்று மாற்றி எழுத வேண்டும். அப்போது கடையின் 60,000 ரூபா 36,000 ஆகும். இருந்தாலும் அந்தக் கடை ஒருநாளும் 36,000 தரப்போவதில்லை. 80,000 தரும், அல்லது ஒன்றுமே தராது. ஓடர்கள் பல சேரும்போதுதான் இந்தச் சராசரி பொருந்தும். நாலைந்து ஓடர் மட்டும் உள்ள மாதத்தில், முற்பணம் வந்த ஓடருக்கு மாத்திரம் மிளகாய் வாங்குவதென்று குழுவினர் தீர்மானித்திருக்கிறார்கள்.