படத்தில் ஒல்லி! பையில் தொளதொளப்பு!

வீட்டில் இருந்தபடியே செல்போனில் துணி வாங்கும் காலம் இது. கடைக்குப் போனால் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். உடம்பில் வைத்து அளந்து பார்க்கலாம். செல்போனில் அது முடியாது. படம்தான் கடை, படம்தான் கண்ணாடி.

அந்தப் படம் பொய் சொன்னால்?

குர்தி ஒன்று வருகிறது. பெண் ஆசையோடு போட்டுப் பார்க்கிறாள். படத்தில் இடுப்பைப் பிடித்தாற்போல் இருந்தது. உடம்பில் சாக்குப் பை போல் தொங்குகிறது. "அளவு தப்பாக அனுப்பிவிட்டார்கள்" என்று கோபப்படுகிறாள். டேப் வைத்து அளந்தால் அளவு சரியாகவே இருக்கிறது. தப்பு துணியில் இல்லை, படத்தில் இருக்கிறது!

தப்பு எங்கே நடக்கிறது?

துணியைப் படம் எடுத்தவுடன் அப்படியே போடுவதில்லை. கம்ப்யூட்டரில் திருத்துகிறார்கள். சுருக்கத்தை எடுக்கிறார்கள், நூல் பிசிறை அழிக்கிறார்கள். இதில் குற்றம் இல்லை. வாங்குகிறவரும் இஸ்திரி போட்டுத்தானே உடுத்தப்போகிறார்!

ஆனால் அதோடு கை நிற்பதில்லை. படம் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அகலத்தை மட்டும் நெருக்குகிறார்கள். இடுப்பு பெரிதாகத் தெரிகிறது என்று இரண்டு பக்கமும் உள்ளே தள்ளுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதால், செய்கிறவர் கண்ணுக்கே மாற்றம் தெரிவதில்லை. கண் ஏமாறும். அளவுகோல் ஏமாறாது.

ஒரு கணக்கு

ஒரு குர்தியைத் தரையில் சமமாக விரித்து, நேர் மேலிருந்து படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். டேப்பால் அளந்தால் அதன் உயரம் 42 அங்குலம். ஒரு அக்குளில் இருந்து மறு அக்குள் வரை 20 அங்குலம். முன்பக்கம் 20, பின்பக்கம் 20. ஆகவே மார்புச் சுற்றளவு 40 அங்குலம்.

இப்போது திருத்திய படத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். படத்தில் குர்தியின் உயரம் 21 சென்டிமீட்டர் இருக்கிறது. அப்படியானால் படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது துணியில் 2 அங்குலம். அந்தக் கணக்குப்படி அக்குள் அகலம் 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

அளந்து பார்த்தால் 9 சென்டிமீட்டர்தான் இருக்கிறது! அதாவது, துணியில் 18 அங்குலம். சுற்றளவு 36 அங்குலம்.

படத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. உடம்பில் அது 4 அங்குலம்! தையல்காரரிடம் 40 அங்குலத்துக்குத் தைக்கச் சொல்லி, அவர் 36-க்குத் தைத்துக் கொடுத்தால் யாராவது சும்மா இருப்பார்களா? படத்தில் மட்டும் அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. படத்தைப் பார்த்து, "இது எனக்கு இறுக்கமாக இருக்கும்" என்று ஒரு பெண் நினைக்கிறாள். ஒரு சைஸ் பெரிதாகக் கேட்கிறாள். முன்பே லூஸாக இருக்கும் குர்தி, இன்னும் லூஸாக வந்து சேருகிறது.

மூன்று இடத்தில் அளக்க வேண்டும்

மார்பை மட்டும் அளந்தால் போதாது. இடுப்பை மட்டும் தள்ளியிருந்தால் மார்பளவு சரியாகவே காட்டும். ஆகவே மார்பு, இடுப்பு, கீழ் விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் அளக்க வேண்டும். அதே குர்தியின் இடுப்பு, விரித்த நிலையில் 19 அங்குலம் என்றால், படத்தில் ஒன்பதரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எட்டு இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கால் சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும், அது துணியின் மடிப்பாக இருக்கலாம். அதற்கு மேல் போனால், திருத்திய படத்தை ஒதுக்கிவிட்டு, முதலில் எடுத்த படத்தில் இருந்து மறுபடி தொடங்குவதே நல்லது.

முதல் படமே கோணலாக இருந்தால்? அதற்கும் வழி உண்டு. படம் எடுக்கும்போது துணிக்குப் பக்கத்தில் ஒரு டேப்பை நீளவாக்கில் வைக்க வேண்டும். படத்தில் மேலே உள்ள 10 அங்குலமும், கீழே உள்ள 10 அங்குலமும் ஒரே நீளமாகத் தெரிய வேண்டும். கீழே பெரிதாகத் தெரிந்தால் காமிரா சாய்ந்திருக்கிறது. திரும்ப எடுப்பதே வழி.

பொத்தான் சாட்சி சொல்லும்

டேப் இல்லாமலும் சில பொய்களைப் பிடிக்கலாம். வட்டமான பொத்தான் முட்டை வடிவமாகத் தெரிந்தால், படத்தை இழுத்தோ நெருக்கியோ இருக்கிறார்கள். கட்டம் போட்ட துணியில் சதுரம் நீண்ட கட்டமாகிவிடும். விரித்துவைத்த துணியில் நேர்க்கோடு இடுப்பருகே மட்டும் உள்ளே வளைந்தால், அந்த இடத்தைத் தள்ளியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

உடம்பில் போட்ட படம்

ஆள் அணிந்திருக்கும் படத்துக்கு இந்த 20 அங்குலக் கணக்கு ஒத்துவராது. துணி உடம்பைச் சுற்றி வளைந்து போவதால், முன்னால் இருந்து பார்த்தால் அகலம் குறைவாகவே தெரியும். அங்கே திருத்துவதற்கு முன் உள்ள படத்தையும், பின் உள்ள படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரே இடங்களை அளந்து ஒப்பிட வேண்டும்.

பொம்மைக்குப் போட்டு, பின்னால் கிளிப் போட்டு இறுக்குவதும் உண்டு. கம்ப்யூட்டர் தொடாத பொய் அது. அளவைப் பார்க்கும் படத்துக்குக் கிளிப் கூடாது.

படத்தில் இருப்பவரின் உயரத்தையும், அவர் போட்டிருக்கும் சைஸையும் எழுத வேண்டும். ஐந்தரை அடிப் பெண்ணுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் குர்தி, ஐந்தடிப் பெண்ணுக்கு இன்னும் கீழே இறங்கும். இது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஏமாற்றம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ம் ஆண்டு இந்தியாவில் மின் வணிகத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்தன. விற்பவரின் விளம்பரம், பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால், அதைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது.

"அளவுப் பட்டியல் கொடுத்திருக்கிறோமே, படித்துப் பார்க்கக்கூடாதா?" என்று சில வியாபாரிகள் கேட்கலாம். பட்டியல் 40 என்கிறது. படம் 36 என்கிறது. இரண்டும் ஒரே கடையின் வார்த்தை. எதை நம்புவது? பட்டியலில் உள்ள எண்ணும் படத்தில் உள்ள உருவமும் ஒன்றாக இருக்க வேண்டும். துணி திரும்பி வந்தால் தபால் செலவு, மறுபடி இஸ்திரி, மறுபடி பை. படத்தை அளக்க ஆகும் சில நிமிடங்கள் அதைவிட மலிவு!

வாங்குகிறவர்களும் ஒன்று செய்யலாம். வீட்டில் நன்றாகப் பொருந்தும் குர்தியைப் பாயில் விரித்து, அக்குளில் இருந்து அக்குள் வரை அளக்க வேண்டும். அதை இரண்டால் பெருக்கி, பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் இருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்பதையும் பார்க்க வேண்டும். 38 அங்குல உடம்புக்கு 40 அங்குலத் துணி தைப்பது வழக்கம். அந்த 2 அங்குலம், மூச்சு விடவும் கையைத் தூக்கவும் விட்ட லூஸ்.

சுருக்கத்தை எடுங்கள், பிசிறை எடுங்கள். அங்குலத்தை எடுக்காதீர்கள்!