அக்கா இப்படிப் பேச மாட்டாங்க

ஏஐ எழுதித் தரும் மருத்துவக் குறிப்பை அப்படியே ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. அதையே "நட்பான நடை"க்கு மாற்றி ஒட்டினால் இன்னும் மோசம். இது என் கருத்து. ஏன் என்று ஒரே ஒரு பத்தியை வைத்துச் சொல்கிறேன்.

குழந்தைகள் வார்டில் கொடுப்பதற்கு வயிற்றுப்போக்கு பற்றி ஒரு துண்டுச் சீட்டு தேவைப்பட்டது. ஏஐ தந்த வரைவு இது:

"குழந்தைகளுக்கு ஏற்படும் வயிற்றுப்போக்கு உடலில் நீரிழப்பை ஏற்படுத்தக்கூடும். இதைத் தடுப்பதில் ஓஆர்எஸ் கரைசல் முக்கியப் பங்கு வகிக்கிறது. ஒரு பாக்கெட்டைச் சுத்தமான நீரில் கரைத்து, சிறிது சிறிதாக வழங்குவது அவசியம். மேலும், அறிகுறிகள் தொடர்ந்தால் மருத்துவரை அணுகவும்."

தப்பு ஒன்றுமில்லை. படித்துப் பாருங்கள், எல்லா வாக்கியமும் ஒரே நீளம், ஒரே குரல். "முக்கியப் பங்கு வகிக்கிறது", "அவசியம்", "மேலும்"... யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே தெரியாது. மூன்று நாளாகத் தூங்காத ஒரு அம்மாவின் கையில் இதைக் கொடுத்தால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

இதை "அன்பாக" மாற்றினால் என்ன வரும்? "அன்பான தாய்மார்களே, உங்கள் செல்லக்குட்டிக்கு வயித்தால போகுதா? கவலையே வேண்டாம்!" என்று ஆரம்பித்து, நடுவில் இரண்டு இதயப் படம். அதோடு நிற்காது. "நேற்று என்னிடம் ஒரு தாய் கண்ணீரோடு வந்தார்" என்று ஒரு கதையும் சேரும். அந்தத் தாய் யார்? யாருமில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி, கீழே மருத்துவர் பெயர் போட்டால் அது பொய். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

பொதுவான "மனித நடை" என்று ஒன்று இல்லீங்க. ஒருத்தருடைய நடைதான் உண்டு. அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இது யாருடைய குரலில் வரணும் என்பது.

எங்கள் வார்டில் ஒரு செவிலியர் அக்கா இருக்கிறார். அம்மாக்கள் எங்களைவிட அவர் சொன்னால்தான் கேட்பார்கள். அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஓஆர்எஸ் பற்றி அவர் ஒரு அம்மாவிடம் சொல்வது போல் என்னிடம் பத்து நிமிடம் பேசச் சொல்லி போனில் பதிவு செய்தேன். பிறகு ஒரு வார்த்தை விடாமல் எழுதிப் பார்த்தேன்.

எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது. "ஏம்மா" என்று கூப்பிடுவது அவருடைய நடையின் ஓரம் மட்டும்தான். முக்கியமான விஷயங்கள் வேறு. அவர் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார். செய்யக் கூடாததை முதலில் சொல்கிறார், செய்ய வேண்டியது அப்புறம்தான் வருகிறது. நீரிழப்பு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை, "காய்ஞ்சு போயிடும்" என்கிறார். ஒரு நீள வாக்கியத்துக்குப் பிறகு "சரியா?" என்று நிறுத்துகிறார். ஏஐ வரைவில் இல்லாத ஒரு பயம் அவரிடம் இருக்கிறது. அம்மாக்கள் பெரிய பொட்டலத்தில் கொஞ்சத்தை ஒரு டம்ளர் தண்ணியில் கொட்டி, மீதியை மடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

அந்தப் பயம் நியாயமானது. தண்ணி குறைந்து கரைசல் கெட்டியானால் ரத்தத்தில் சோடியம் ஏறும். ஏற்கெனவே துவண்டிருக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. வரைவில் "சுத்தமான நீரில்" என்று இருந்தது, எவ்வளவு நீர் என்று இல்லை. ஒரு ஆளின் அனுபவம் இப்படித்தான் நடைக்குள் வந்து உட்காருகிறது. எதை முதலில் சொல்கிறார், எதில் இரண்டு வாக்கியம் கூடுதலாக நிற்கிறார் என்பதில்.

அதை வைத்து மாற்றி எழுதியது:

"ஏம்மா, காலையிலேர்ந்து எத்தனை தடவை போச்சு? தண்ணியாவா போகுது? சரி. பொட்டலத்தைக் கொஞ்சமா பிரிச்சுக் கொட்டிட்டு மீதியை மடிச்சு வைக்காதே. பொட்டலத்து மேல பாரு, ஒரு லிட்டர்னு போட்டிருந்தா கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர் அளந்து, முழுப் பொட்டலத்தையும் அதுல போடு. 200 மில்லின்னு சின்னப் பொட்டலமும் வருது, அதுக்கு 200 மில்லிதான். சரியா? சர்க்கரை எதுவும் மேல போடாதே. ரெண்டு வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவை போனதுக்கப்புறமும் 50லேர்ந்து 100 மில்லி, ஸ்பூன்ல. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு, இன்னும் மெதுவாக் கொடு. தாய்ப்பாலை நிறுத்தாதே. கலக்கி 24 மணி நேரம் ஆச்சுன்னா மீதியைக் கொட்டிடு. பேதி நின்னாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த ஜிங்க்கை 14 நாள் முழுசாக் கொடு. பிள்ளை துவண்டு கிடக்கு, குடிக்க மாட்டேங்குது, கண்ணு உள்ள போயிடுச்சு, மலத்துல ரத்தம், இதுல எது இருந்தாலும் வீட்ல உட்காராதே, தூக்கிட்டு வந்துடு."

நீளமாகிவிட்டது, தெரியும். ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்கேயும் இடறாது.

இப்போது ஒரு எச்சரிக்கை. பேச்சு நடைக்கு மாற்றும்போது முதலில் கெட்டுப்போவது அளவுகள்தான். "ஒரு லிட்டர்" என்பது "ஒரு சொம்பு" ஆகும், "50லேர்ந்து 100 மில்லி" என்பது "கொஞ்சம் கொஞ்சமா" ஆகும். கேட்க அழகாகத்தான் இருக்கும். எந்த வீட்டுச் சொம்பு? என் வீட்டில் இருப்பது முக்கால் லிட்டர்கூடப் பிடிக்காது. ஆகவே மாற்றி முடித்ததும் சிவப்புப் பேனாவால் எல்லா எண்ணையும், எல்லா "செய்யாதே"வையும் வட்டமிட்டு, சிகிச்சை வழிகாட்டியோடும் பொட்டலத்து அச்சோடும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வார்த்தை அக்காவுடையதாக இருக்கலாம். அளவு யாருடையதும் இல்லை, அது மாறக் கூடாது.

சில இடங்களில் இந்த வேலையே வேண்டாம். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம், மருந்துச் சீட்டு, இன்சுலின் யூனிட் அட்டவணை. அங்கெல்லாம் ஆளில்லாத மொட்டை நடைதான் நல்லது. யார் படித்தாலும் ஒரே அர்த்தம் வரணும்.

"இயந்திரம் எழுதியதற்கு மனுஷ முகம் பூசுவது ஏமாற்று இல்லையா டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யாருடைய குரலோ, அவர் கடைசிப் பிரதியைப் படித்து, வெட்டி, "இது நான் சொல்றதுதான்" என்று ஒத்துக்கொண்டால் ஏமாற்று இல்லை. கடிதம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுத்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குகிற மாதிரிதான். அவருக்குக் காட்டாமல் அவர் சாயலில் எழுதி வெளியிட்டால், அவர் இருபது வருடமாகச் சேர்த்த நம்பிக்கையைத் திருடுவது. அந்தச் சீட்டில் ஒரு அளவு தப்பினாலும் அம்மாக்கள் கேட்கப்போவது அவரைத்தான்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் "பயப்படாதே, எல்லாம் சரியாயிடும்" என்று வரைவிலிருந்து ஒரு வரி ஒட்டிக்கொண்டு இருந்தது. அதைத் தொட்டு, "இதை நான் எந்த அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன் சார், சரியாகுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பேனாவை வாங்கி அடித்துவிட்டு, பக்கத்தில் அவரே எழுதினார்: "சாயங்காலம் ஒரு தடவை தூக்கிட்டு வந்து காட்டு."

அந்த வரியோடுதான் அச்சுக்குப் போனது.